வரிப் படியில் கோடு சரியாக முறியாவிட்டால்: முடிச்சு வைத்த ரெக்ரெஷனில் பிழை நீக்கும் வழிமுறை

நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் மாதச் சம்பளப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை சீசன். அந்த மாதங்களில் சேவைக் கட்டணப் பங்கு ஏறும். டிசம்பரில் வரி கட்டாத சமையற்காரர் ஆகஸ்டில் வரிப் படிக்குள் வந்துவிடுவார். இப்படியான தரவில் மாத வருமானம் x என்றும், நீங்கள் ஆராயும் தொகை y என்றும் வைத்தால், ஒரே நேர்கோடு பொருந்தாது. y என்பது பிடித்த வரியாக இருக்கலாம், வங்கியில் சேமித்ததாக இருக்கலாம், அனுப்பிய காசாக இருக்கலாம். கோடு எங்கே முறிய வேண்டும் என்பது மட்டும் முன்கூட்டியே தெரியும், ஏனென்றால் அதைச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது.

2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இலங்கைத் தனிநபர் வருமான வரியில் ஆண்டுக்கு 1,800,000 ரூபா நிவாரணம். அதற்கு மேல் முதல் 1,000,000 ரூபாவுக்கு 6%. பிறகு வரும் ஒவ்வொரு 500,000 ரூபாவுக்கும் முறையே 18%, 24%, 30%. மிச்சம் முழுவதற்கும் 36%. மாதக் கணக்கில் பார்த்தால் கோடு முறியும் இடங்கள் 150,000, 233,333, 275,000, 316,667, 358,333. இவற்றை முடிச்சு என்போம்.

உங்கள் உண்மையான y இல் கை வைக்க முன், விடை தெரிந்த தரவில் கீழே உள்ள R கட்டளைகளை ஓட்டிப் பாருங்கள். வரி அதற்கு நல்ல உரைகல். சரியான விடை வரித் திணைக்கள அட்டவணையிலேயே இருக்கிறது.

```r
k <- 150000 + c(0, 10, 15, 20, 25) * 100000 / 12
kiil <- function(x) pmax(outer(x, k, "-"), 0)
x <- seq(60000, 450000, by = 5000)
y <- drop(kiil(x) %*% c(0.06, 0.12, 0.06, 0.06, 0.06))
m1 <- lm(y ~ x + kiil(x))
```

`kiil` தருவது ஐந்து நிரல்கள். ஒவ்வொன்றும் தன் முடிச்சு வரை பூச்சியம், அதைத் தாண்டியதும் தாண்டிய தொகை. கதவின் கீல் போல முடிச்சில் மடிவதால் இவற்றைக் கீல் என்போம். 300,000 ரூபா வருமானத்துக்கு அவை 150,000, 66,667, 25,000, 0, 0 என்று வரும். வரி 9,000 + 8,000 + 1,500 = 18,500 ரூபா. அட்டவணையின் சூத்திரமும் (24% × 300,000 − 53,500) அதையேதான் சொல்கிறது. `summary(m1)` போட்டால் `essentially perfect fit: summary may be unreliable` என்று R எச்சரிக்கும். பயப்பட ஒன்றுமில்லை. தரவில் இரைச்சலே இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது. இந்தச் சோதனையில் அந்த எச்சரிக்கை வராவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

## குணகங்கள் வரி வீதத்தோடு ஒத்துப்போகவில்லை

அடிக்கடி வரும் முறைப்பாடு இதுதான். 6, 18, 24, 30, 36 என்று எதிர்பார்த்தவருக்கு 0.06, 0.12, 0.06, 0.06, 0.06 என்று வருகிறது. இரண்டாவது படியில் 18% எங்கே போனது என்று கேட்பார்.

எங்கும் போகவில்லை. கீல் நிரலின் குணகம் படித்திறன் அல்ல, அந்த முடிச்சில் படித்திறன் எவ்வளவு மாறுகிறது என்பது. 233,333 ரூபாவைத் தாண்டியவருக்கு முதலாவது கீலும் தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்கிறது, இரண்டாவதும் ஏறத் தொடங்குகிறது. ஆகவே அங்கே படித்திறன் 0.06 + 0.12. வரிசையாகக் கூட்டினால் வீதங்கள் வந்துவிடும்:

```r
cumsum(coef(m1)[-1])
```

இது 0, 0.06, 0.18, 0.24, 0.30, 0.36 என்று வரவேண்டும். முதலாவது பூச்சியம் 150,000 க்குக் கீழே உள்ள படித்திறன்.

உண்மையான தரவில் ஒரு சிக்கல் பாக்கி இருக்கும். குணகங்களைக் கூட்டலாம், நியம வழுக்களைக் கூட்ட முடியாது. அடுத்தடுத்த கீல்கள் ஒன்றோடொன்று வலுவாகத் தொடர்புள்ளவை. ஒன்றின் மதிப்பீடு ஏறினால் பக்கத்ததன் மதிப்பீடு இறங்கும். கோவேரியன்ஸைச் சேர்க்காமல் போடும் நம்பிக்கை எல்லை பிழையாகவே இருக்கும். ஒவ்வொரு படியின் படித்திறனும் நியம வழுவும் நேரடியாக வேண்டுமென்றால் வருமானத்தைத் துண்டுகளாக வெட்டுங்கள்:

```r
lo <- c(0, k); hi <- c(k, Inf)
thundu <- function(x)
  pmin(pmax(outer(x, lo, "-"), 0), rep(hi - lo, each = length(x)))
m2 <- lm(y ~ thundu(x))
```

300,000 இங்கே 150,000 + 83,333 + 41,667 + 25,000 + 0 + 0 ஆகிறது. துண்டுகளின் கூட்டு எப்போதும் x தான். சம்பளக் கிளார்க் கையால் வரி போடுவதும் இப்படித்தான், அதனால் அவருக்கு விளங்கவைக்கவும் லேசு. m1, m2 இரண்டும் ஒரே கோட்டையே வரையும். எண்கள் மட்டும் வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. “இந்த எல்லையில் உண்மையிலேயே மாற்றம் இருக்கிறதா?” என்று சோதிக்க m1, “இந்தப் படியில் படித்திறன் எவ்வளவு?” என்று அறிக்கையில் எழுத m2. ஒன்றிலிருந்து மற்றதைக் கையால் கணக்கிட்டு எடுப்பதை விட இரண்டையும் ஓட்டுவது நல்லது.

## எல்லையில் கோடு துள்ளுகிறது, அல்லது “தாண்டினால் 9,000 குறைகிறது” என்று காட்டுகிறது

கீல் போடாமல், தாண்டியவருக்கு 1, தாண்டாதவருக்கு 0 என்று ஒரு மாறி D அமைத்து `lm(y ~ x * D)` ஓட்டும்போது இது வரும். 150,000 ஐ மட்டும் முடிச்சாக வைத்து, 233,333 க்குக் கீழே உள்ளவர்களை மட்டும் எடுத்து வரித் தரவில் ஓட்டினால் D யின் குணகம் −9,000 என்றும், x உம் D உம் பெருக்கியதன் குணகம் 0.06 என்றும் வரும். இதைப் பார்த்து எல்லையைத் தாண்டினால் வரி 9,000 ரூபா குறைகிறது என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள்.

D யின் குணகம் சொல்வது x பூச்சியமாக இருக்கும் இடத்தில் இரண்டு கோடுகளுக்கும் இடையிலான தூரத்தை. எல்லையில் உள்ள தூரம் −9,000 + 0.06 × 150,000, அதாவது பூச்சியம். வரி அட்டவணையில் “6% × வருமானம் − 9,000” என்று போட்டிருப்பதும் இதே −9,000 தான். பெருக்கலை x * D என்று வைக்காமல் (x − 150,000) × D என்று வைத்தால் D யின் குணகம் எல்லையிலேயே உள்ள தூரமாகிவிடும். அப்போது அதைத் துணிந்து வாசிக்கலாம்.

இரைச்சலுள்ள உண்மையான தரவில் அந்தத் தூரம் சரியாகப் பூச்சியமாக வராது. இரண்டு பக்கக் கோடுகளும் தனித்தனியே ஆடுவதால் நடுவில் ஒரு சிறு படிக்கட்டு விழும். வருமான வரியில் அப்படியொரு படிக்கட்டு இருக்க முடியாது. ஒரு ரூபா கூடினால் அந்த ஒரு ரூபாவுக்கு மட்டும்தான் புதிய வீதம். எனவே D ஐ எடுத்துவிட்டுக் கீலை மட்டும் வையுங்கள். கீல் தொடர்ச்சியைத் தானாகவே காப்பாற்றும்.

ஆனால் எல்லாப் படி அட்டவணையும் வருமான வரி மாதிரி இல்லை. வீட்டு மின்சாரப் பில்லைப் பாருங்கள். மாதத்தில் 60 அலகைத் தாண்டாத வீட்டுக்கு ஒரு வீதப் பட்டியல், தாண்டிய வீட்டுக்கு வேறொரு பட்டியல். தாண்டியதும் முதல் 60 அலகுக்கும் சேர்த்துப் புதிய வீதத்தில் பில் போடப்படும். இங்கே துள்ளல் உண்மையானது. கீலை மட்டும் வைத்தால் அந்தத் துள்ளலை விழுங்க முயன்று 60 க்கு இரு பக்கமும் படித்திறன் கெடும். எச்சங்களை அலகுக்கு எதிராக வரைந்தால் தெரிந்துவிடும்: 60 க்குச் சற்றுக் கீழே எல்லாம் ஒரு குறியில் நிற்கும், 61 இல் திடீரென எதிர்க் குறிக்குத் தாவும், பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வரும். மருந்து: அலகை u என்று வைத்து, கீலோடு `I(u > 60)` ஐயும் சேர்ப்பது. துள்ளலைச் சேர்ப்பதா விடுவதா என்பதை p-மதிப்பைப் பார்த்து அல்ல, விதியை வாசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

## குணகங்களுக்குப் பதிலாக NA

`5 not defined because of singularities` என்று வந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முடிச்சுகள் ஆண்டுத் தொகையில் (1,800,000…), x மாதத் தொகையில் இருக்கிறது. அல்லது `pmax` ஐ மறந்து வெறும் கழித்தலை மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

```r
range(kiil(x)); colSums(kiil(x) > 0)
```

இரண்டு எல்லையும் பூச்சியமென்றால் அலகுப் பிழை. கீழ் எல்லை மறை எண்ணென்றால் `pmax` இல்லை. கணக்கு அவ்வளவுதான். NA காட்டாத மென்பொருளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். பைத்தனில் statsmodels வழக்கமாகப் போலி நேர்மாறு வழியே தீர்ப்பதால், வெறும் பூச்சிய நிரலுக்கு NA காட்டாமல் பூச்சியக் குணகம் ஒன்றைத் தந்துவிட்டுப் போகும். “எல்லையில் மாற்றமில்லை” என்று அதை வாசித்துவிடாதீர்கள்.

## முடிச்சுக்கு அருகில் எச்சங்கள் வில்லாக வளைகின்றன

கோடு சரி, முடிச்சும் சரி, ஆனால் 150,000 ஐச் சுற்றி எச்சங்கள் சேர்ந்தாற்போல் ஒரு பக்கம் வளைந்து நிற்கின்றன. மூலை மழுங்கிப்போயிருக்கிறது. அப்படியானால் முடிச்சை நகர்த்திப் பார்க்கவோ கூட்டிப் பார்க்கவோ வேண்டாம். எண் சட்டத்தில் இருக்கிறது, பிழை தரவில் இருக்கிறது. மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, காலம். 2025 மார்ச் வரை நிவாரணம் மாதம் 100,000 தான். அதற்கு மேல் ஒவ்வொரு 41,667 ரூபாவுக்கும் 6, 12, 18, 24, 30 என்று ஏறி 36 இல் நிற்கும். 200,000 ரூபா வாங்கியவருக்கு மார்ச்சில் 2,500 + 5,000 + 3,000 = 10,500 ரூபா வரி. ஏப்ரலில் அதே சம்பளத்துக்கு 3,000. ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரே கோப்பில் போட்டால் இரண்டுக்கும் நடுவே, எந்த மாதத்துக்கும் சொந்தமில்லாத ஒரு கோடு வரும். x க்கு எதிராக y ஐ வரைந்து மாதத்துக்கு ஒரு நிறம் கொடுங்கள், இரண்டு பட்டைகள் பிரிந்து தெரியும். ஏப்ரலுக்கு முன் பின் என்று கோப்பைப் பிரித்து, முந்தையதற்கு முந்தைய முடிச்சுகளை (`100000 + 0:5 * 500000 / 12`) வையுங்கள். அங்கே முடிச்சு ஆறு, இங்கே ஐந்து.

இரண்டாவது, x எது என்பது. அடிப்படைச் சம்பளத்தை x ஆக வைத்து, சேவைக் கட்டணத்தையும் ஓவர்டைமையும் விட்டிருந்தால் ஒவ்வொருவருக்கும் முடிச்சு ஒவ்வொரு இடத்தில் விழும். அடிப்படை 90,000, சேவைக் கட்டணம் 70,000 என்றால் அவர் எல்லையைத் தாண்டியவர், உங்கள் வரைபில் மட்டும் தாண்டாதவர். எல்லை எந்தத் தொகை மீது பாய்கிறதோ அந்தத் தொகைதான் x. போனஸ் அதற்கு மறுபக்கம். அது மொத்தமாகக் கொடுக்கும் தொகை என்பதால் அதற்குத் தனி வரி அட்டவணை இருக்கிறது. மாத வருமானத்தோடு கலந்தால் அந்த மாதப் புள்ளிகள் கோட்டை விட்டு விலகி நிற்கும்.

மூன்றாவது, சராசரி. எளிதில் கண்ணில் படாதது இதுதான். கோப்பைச் சிறிதாக்குவதற்காக ஆளுக்கு ஒரு வரி என்று பன்னிரண்டு மாதச் சராசரியை எடுத்துவிடுகிறார்கள். சீசனில் ஆறு மாதம் 200,000, மீதி ஆறு மாதம் 120,000 வாங்கும் ஒருவரை வையுங்கள். மாதா மாதம் அட்டவணையைப் போட்டால் சீசன் மாதத்துக்கு 3,000 வீதம் ஆறு மாதத்துக்கு 18,000 ரூபா பிடிக்கப்படும். சராசரி 160,000. அதற்கு மாதம் 600, ஆண்டுக்கு 7,200. அதே ஆள், அதே காசு, 10,800 ரூபா வித்தியாசம். கீல் வளைந்த சார்பு என்பதால் சராசரியின் கீலும் கீல்களின் சராசரியும் ஒன்றாக இரா. எல்லைக்கு இரு பக்கமும் போய்வரும் ஆட்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து மூலை மழுங்கும். சீசன் ஊரில் அப்படியானவர்கள் நிறையப் பேர்.

திருத்தம் வரிசையில் இருக்கிறது: முதலில் மாதத்துக்கு மாதம் கீலைக் கணக்கிடுங்கள், பிறகு ஆளுக்கு ஆள் கூட்டுங்கள்.

```r
H <- rowsum(kiil(mas$x), mas$aal)
X <- rowsum(mas$x, mas$aal)
Y <- rowsum(mas$y, mas$aal)
m4 <- lm(Y ~ X + H)
```

`mas` என்பது மாத வாரியான கோப்பு, `aal` ஊழியர் இலக்கம். எல்லாருக்கும் பன்னிரண்டு மாதமும் இருந்தால்தான் இதை இப்படியே போடலாம். இடையில் வந்தவர், போனவர் இருந்தால் மாத எண்ணிக்கையையும் ஒரு நிரலாகச் சேர்க்க வேண்டும். மாதக் கோப்பு கையில் இல்லை, ஆண்டுச் சராசரி மட்டுமே இருக்கிறது என்றால் மாத முடிச்சை வைத்து எதுவும் செய்ய முடியாது. ஆண்டு வருமானத்துக்கு ஆண்டு முடிச்சை வைத்து, கேள்வியையும் ஆண்டுக்கு என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

## மேல் படிகளில் படித்திறன் தாறுமாறாக வருகிறது

கீழ்ப் படிகள் ஒழுங்காக இருக்கும். 275,000 க்கு மேலே ஒரு படி +0.9 என்றும் அடுத்தது −0.4 என்றும் வரும். `table(findInterval(x, k))` போட்டு ஒவ்வொரு படியிலும் எத்தனை புள்ளிகள் என்று எண்ணுங்கள். ஒரு ஹோட்டல் பட்டியலில் அந்த உயரத்தில் முகாமையாளரும் தலைமைச் சமையற்காரரும்தான் இருப்பார்கள். 358,333 க்கு மேல் ஒரே ஒரு புள்ளி மட்டும் இருந்தால் கோடு அந்தப் புள்ளியை ஊடறுத்தே போகும். அதன் எச்சம் பூச்சியம், `hatvalues` 1. அந்தப் படியின் “படித்திறன்” ஒரு மனிதரின் ஒரு மாதக் கதை.

நடுவிலுள்ள மூன்று படிகளும் 41,667 ரூபா அகலம் மட்டுமே. இதை எண்ணில் பார்ப்பது நல்லது. ஒரு படிக்குள் புள்ளிகள் சமமாகப் பரவினால் x இன் நியம விலகல் 41,667 ÷ √12, அதாவது ஏறத்தாழ 12,000. உங்கள் y மாதச் சேமிப்பு, அதில் ஆளுக்கு ஆள் இரைச்சல் 15,000 ரூபா என்று வைப்போம். அந்தப் படியில் பத்துப் புள்ளிகள் இருந்தால் படித்திறனின் நியம வழு 15,000 ÷ (12,000 × √10), கிட்டத்தட்ட 0.4. நீங்கள் தேடும் மாற்றமோ 0.06 அளவு. நியம வழுவை 0.02 க்கு இறக்க ஏறத்தாழ 3,900 புள்ளிகள் வேண்டும். பக்கத்துப் படிகளோடு கோடு ஒட்டியிருப்பதால் இந்தக் கணக்கு சற்று முன்பின் ஆகும், ஆனால் தரவு போதாது என்ற முடிவு மாறாது.

எனவே மேல் முடிச்சுகளைச் சேர்த்துவிடுங்கள். 150,000, 233,333 இரண்டை மட்டும் வைத்து, 233,333 க்கு மேலே ஒரே படித்திறன் என்று அறிக்கையில் வெளிப்படையாக எழுதலாம். சட்டத்தில் ஐந்து எல்லை இருக்கிறது என்பதற்காக உங்கள் தரவும் ஐந்தைத் தாங்கும் என்றில்லை. y வரியே என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை. வீதம் தெரிந்ததை மதிப்பிடத் தேவையில்லை, கணக்கிட்டால் போதும்.

ஒருவரின் பன்னிரண்டு மாதத்தைப் பன்னிரண்டு தனிப் புள்ளிகளாக எண்ணுவதும் இங்கேதான் ஏமாற்றும். மாதக் கோப்பில் நியம வழுவை ஊழியர் வாரியாகக் கொத்தாக்கி எடுங்கள் (`sandwich::vcovCL(lm(y ~ x + kiil(x), data = mas), cluster = ~ aal)`). பொதுவாக அது பெருக்கும். சில வேளை இரண்டு மடங்குக்கும் மேல்.

## ஸ்ப்ளைன் போட்டேன், வரி பூச்சியத்துக்குக் கீழே போகிறது

`splines` பொதியின் `bs(x, knots = k)` இயல்பாகவே முப்படி. முடிச்சில் படித்திறனும் அதன் வளைவும் உடையாமல் போகும்படி அது கட்டப்பட்டது. வரியிலோ முடிச்சில் படித்திறன் சட்டென்று உடைகிறது. உடையக்கூடாத கோட்டை உடையும் மூலையில் பொருத்தினால் அது இரு பக்கமும் அலையும். 150,000 க்குக் கீழே வரி எல்லாருக்கும் பூச்சியம் என்றாலும் சில இடங்களில் சில ரூபா மறையாகவும் காட்டும். முடிச்சைக் கூட்டினால் அலை சிறுக்கும், ஆனால் போகாது. `degree = 1` என்று கொடுங்கள்:

```r
library(splines)
m3 <- lm(y ~ bs(x, knots = k, degree = 1))
max(abs(fitted(m1) - fitted(m3)))
```

வித்தியாசம் நடைமுறையில் பூச்சியம். ஆனால் m3 இன் குணகங்களைப் பார்த்தால் 0, 5,000, 12,500, 22,500, 35,000, 68,000 என்று இருக்கும். இவை படித்திறன் அல்ல. ஒவ்வொரு முடிச்சிலும், கடைசியாக வலது ஓரத்திலும் (450,000), கோட்டின் உயரம் இடது ஓரத்தை விட எவ்வளவு கூடியிருக்கிறது என்பது. 233,333 வாங்குபவரின் வரி 5,000, 275,000 வாங்குபவரின் வரி 12,500 என்று நேராகவே வாசிக்கலாம். வரைபுக்கு இது வசதி, விளக்கத்துக்கு m2 தான் வசதி.

முப்படி ஸ்ப்ளைன் கெட்டதல்ல. விதி எதுவும் எல்லை போடாத உறவுக்கு, உதாரணமாக வெயில் ஏற ஏறக் குளிரூட்டிக்குப் போகும் மின்சாரத்துக்கு, அதுதான் ஏற்றது. அங்கே வளைவு உண்டு, மூலை இல்லை.

## முடிச்சைக் கணினியே தேடட்டும் என்றால் வேறு எண் வருகிறது

`segmented` போன்ற பொதிகள் முடிச்சையும் தரவிலிருந்தே மதிப்பிடும். தெரிந்த எல்லைக்கு அதைப் பயன்படுத்தினால் இரைச்சலின் விருப்பப்படி 150,000 க்கு அங்குமிங்கும் ஓர் எண் வரும். அதன் நம்பிக்கை எல்லைக்குள் 150,000 விழுந்தால் பேசாமல் 150,000 ஐயே வைத்துக்கொள்ளுங்கள். தெளிவாக வெளியே, 100,000 பக்கம் விழுந்தால் கோப்பில் பழைய மாதங்கள் கலந்திருக்கின்றனவா என்று பாருங்கள். 150,000 க்குச் சற்றுக் கீழே புள்ளிகள் குவிந்து, சற்று மேலே வெறுமையாக இருந்தால் அது வேறு விஷயம். ஓவர்டைமை ஆட்கள் எல்லையோடு நிறுத்துகிறார்கள், அல்லது கொடுப்பனவு அடுத்த மாதத்துக்குத் தள்ளப்படுகிறது. அப்போது x தானே எல்லைக்கு ஏற்ப நகர்கிறது. எந்தக் கீலும் அதைச் சரிசெய்யாது. `hist(x, breaks = seq(0, max(x) + 2500, 2500))` போட்டு 140,000 முதல் 160,000 வரை உற்றுப் பாருங்கள். குவிவு தெரிந்தால் அந்தப் பகுதியை விலக்கி ஒருமுறை, விலக்காமல் ஒருமுறை ஓட்டி, இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுங்கள்.